புகையை நிறுத்தியவரின் டீயும் மாத்திரையும்

டீக்கடை வாசலில் ஒரு கையில் கிளாஸ், மறு கையில் சிகரெட் என்று நிற்பவரை நமக்கெல்லாம் தெரியும். காலை ஆறு மணிக்கு முதல் டீ, மாலை ஆறு மணிக்குக் கடைசி டீ, இடையில் நாலு. கூடவே ஒரு பாக்கெட் சிகரெட். இத்தனைக்கும் இரவு பத்து மணிக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுவார். ஒருநாள் மனசு வைத்து சிகரெட்டை நிறுத்துகிறார். டீ மட்டும் அப்படியே தொடர்கிறது. மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் தூக்கம் போய்விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, விரல் லேசாக நடுங்குகிறது, சின்னப் பேச்சுக்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுகிறார். பார்ப்பவர்கள் ஒரே குரலில் சொல்வது, “சிகரெட்டை விட்டால் அப்படித்தான் இருக்கும்.”

அதில் பாதி உண்மை. நிகோடின் கிடைக்காமல் உடம்பு படுத்தும் பாடு அந்த நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். மீதிப் பாதிக்குக் காரணம் அந்த டீ. அவர் ஒரு டீகூடக் கூட்டிக் குடிக்கவில்லை. ஆனாலும் அவர் ரத்தத்தில் இருக்கும் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். காஃபீனுக்கு நடப்பது சில மருந்துகளுக்கும் நடக்கும். டீ விஷயத்தில் தூக்கம் கெடுவதோடு போகும். மருந்து விஷயத்தில் வலிப்பு வரைக்கும் போகலாம். புகைப்பதை விடச் சொல்லும் மருத்துவர்களில் எத்தனை பேர் மாத்திரை அளவைப் பற்றியும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய கவலை உண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. நாம் உட்கொள்ளும் பல வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் உள்ள நொதிகள் செய்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் சிஒய்பி1ஏ2. காஃபீனை உடைக்கும் வேலையில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு நொதியுடையதுதான். பீடியோ சிகரெட்டோ எரியும்போது வரும் புகையில், தார் என்று சொல்கிறோமே, அந்தப் பிசுபிசுப்பில், பென்சோபைரீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. இலையும் புகையிலையும் அரைகுறையாக எரிவதால் உண்டாகிறவை அவை. நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து கல்லீரல் செல்லுக்குள் போனதும், அங்கே இருக்கும் ஓர் ஏற்பியோடு அவை ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் போய், சிஒய்பி1ஏ2-ஐத் தயாரிக்கும் மரபணுவை முடுக்கிவிடுகிறது. வந்த நச்சை உடைத்துத் தள்ள நொதி அதிகமாகத் தேவை என்பது கல்லீரலின் கணக்கு. கூடுதலாக உற்பத்தியான அந்த நொதி, எதிரில் வரும் காஃபீனையும் மருந்தையும் சேர்த்தே வேகமாக உடைத்துவிடுகிறது.

சுங்கச்சாவடியில் இரண்டு கவுண்டர் இருந்த இடத்தில் நாலு கவுண்டரைத் திறந்துவிட்டால் வண்டிகள் நிற்காமல் போகும். புகைப்பவரின் கல்லீரல் அப்படி. புகை நின்றதும் கூடுதல் கவுண்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வரும் வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை என்றால் வரிசை நீளத்தானே செய்யும்?

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி இல்லை. அந்தக் காலத்துத் தலைவலி மாத்திரைகளில் ஃபெனசெட்டின் என்றொரு மருந்து இருந்தது. புகைப்பவர்களின் ரத்தத்தில் அதன் அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1972-லேயே வெளியிட்டார்கள். 1989-இல் சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த நீல் பெனோவிட்ஸும் அவருடைய சகாக்களும், புகைப்பதை விட்டவர்களின் ரத்தத்தில் காஃபீனை அளந்து பார்த்தார்கள். நிறுத்தியவர்களுக்கு அது பழைய அளவைப் போல இரண்டு மடங்காக ஏறியிருந்தது. ஆறு மாதம் கழித்தும் இறங்கவில்லை. ஏதோ தற்காலிகக் கோளாறு என்றால் இறங்கியிருக்கும். உண்மையில் புகைக்காத மனிதருக்கு உரிய இயல்பான வேகத்துக்குத்தான் அவர்களுடைய கல்லீரல் திரும்பியிருந்தது. புகைத்த காலத்து வேகம்தான் செயற்கை.

இந்த மாற்றம் எவ்வளவு நாளில் நடக்கிறது? நாளொன்றுக்கு இருபது சிகரெட்டும் அதற்கு மேலும் பிடித்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தியபோது அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. ஏறியிருந்த கூடுதல் நொதி வேகம் சுமார் 39 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தது. அடுத்த 39 மணியில் அந்தப் பாதியிலும் பாதி. இப்படிப் பார்த்தால் நாலு நாளில் பெரும்பகுதி போய்விடும், ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட முழுவதுமே போய்விடும். நிகோடினுக்காக உடம்பு ஏங்குவதும் அதே வாரத்தில்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எது எதனால் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

டீ கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு டீயில் 50 மில்லிகிராம் காஃபீன் என்று வைத்துக்கொள்வோம். உடம்பிலிருக்கும் காஃபீன் பாதியாகக் குறையப் புகைப்பவருக்கு சுமார் 3 மணி நேரம், நிறுத்தியவருக்கு சுமார் 6 மணி நேரம் என்று எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் இது நிறையவே வேறுபடும், கணக்கின் வசதிக்காக முழு எண்ணாக வைக்கிறேன். நம் ஆள் காலை 6, 8, 11, பிற்பகல் 2, 4, மாலை 6 என ஆறு டீ குடிக்கிறார். இரவு பத்து மணிக்குப் படுக்கும்போது அவர் உடம்பில் எவ்வளவு மிச்சமிருக்கும்? புகைத்த நாட்களில் சுமார் 47 மில்லிகிராம், அதாவது ஒரு டீ அளவு. நிறுத்திய பிறகு சுமார் 108 மில்லிகிராம். இரண்டு டீயை அப்போதுதான் குடித்துவிட்டு, மூன்றாவதிலும் ஒரு வாய் குடித்துப் படுக்கப் போனதற்குச் சமம். தூக்கம் எப்படி வரும்?

அதே ஆள் மூன்று டீயை வெட்டிவிட்டு, காலை 6, 11, பிற்பகல் 2 என்று மட்டும் குடித்தால் இரவு பத்து மணிக்கு மிச்சம் இருப்பது சுமார் 42 மில்லிகிராம். பழைய அளவுக்கே வந்துவிட்டது பாருங்கள். புகைப்பதை நிறுத்தும் நாளிலேயே டீ, காபியைப் பாதியாக்கி, கடைசி டீயை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். டீயை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் காஃபீன் இல்லாத தலைவலியும் சேர்ந்துகொள்ளும், ஒரே வாரத்தில் இரண்டு பழக்கத்தை விடுவது பெரும்பாடு. ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது நேர் எதிரானது. கை சும்மா இருக்கிறதே என்று சிகரெட்டுக்குப் பதிலாக இன்னொரு டீ சொல்கிறார்கள். காபியைத் தாராளமாகக் குடித்துவிட்டு, “சிகரெட் இல்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது” என்று ஐந்தாம் நாள் திரும்பவும் பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். ஒரு சிகரெட்டைப் பிடித்ததும் நிகோடின் ஏக்கம் தணிவதால் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. காஃபீன் பங்கு கடைசிவரை வெளியே தெரிவதே இல்லை.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நொதியை முடுக்குவது புகையில் இருக்கும் ஹைட்ரோகார்பன்கள், நிகோடின் இல்லை. ஆகவே நிகோடின் சூயிங்கம் மெல்பவருக்கும், நிகோடின் பட்டை ஒட்டிக்கொள்பவருக்கும் நொதி வேகம் இறங்கத்தான் செய்யும். அவர்களுக்கு ஏக்கம் தணியும், ஆனால் கல்லீரலைப் பொறுத்தவரை புகை நின்றுபோய்விட்டது. பீடியை விட்டுவிட்டு வாயில் புகையிலை அதக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு மாறுபவருக்கும் இதே கதைதான். இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டிருக்கும் மின்சிகரெட்டுக்கு வெளிநாட்டில் மாறுகிறவருக்கும் அப்படித்தான், அதிலும் எதுவும் எரிவதில்லையே. இன்னொரு பக்கம், கஞ்சா புகைத்தாலும் இந்த நொதி ஏறும். எது எரிந்து புகையாகிறதோ அதுதான் கணக்கு.

இதைவிட வியப்பானது எண்ணிக்கை. இருபது சிகரெட்டைப் பத்தாகக் குறைத்தால் நொதியும் பாதியாகக் குறையும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. நாளைக்கு ஏழு முதல் பன்னிரண்டு சிகரெட் பிடித்தாலே நொதி வேகம் ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடும் என்று நோர்வே ஆய்வாளர்கள் 2006-இல் கண்டார்கள். ஆகவே இருபதிலிருந்து பத்துக்கு இறங்கும்போது உடம்பில் பெரிய மாற்றம் தெரியாது. கடைசி ஐந்தாறு சிகரெட்டை விடும்போதுதான் மொத்த மாற்றமும் வரும். மெல்ல மெல்லக் குறைத்தவர், “இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லை, இப்போது எதற்கு” என்று அசந்திருக்கும் நேரம் அது.

இனி மருந்துக்கு வருகிறேன். இந்த நொதியை நம்பியிருக்கும் மருந்துகளில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது க்ளோசபைன். மனச்சிதைவு நோய்க்கு வேறு இரண்டு மருந்துகளாவது கொடுத்துப் பார்த்து, பலன் இல்லாதவர்களுக்குக் கொடுப்பது இது. குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்த மனிதரை வீட்டோடு பேசவும் வேலைக்குப் போகவும் வைத்திருக்கும் மருந்து என்பதால் அந்தக் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதன் அளவு குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 350 நானோகிராம் இருந்தால்தான் பலருக்கு வேலை செய்யும். 600-ஐத் தாண்டினால் பக்கவிளைவு கூடும். 1000-ஐ நெருங்கும்போது வலிப்பு அபாயம் கண்கூடாக ஏறும். மனச்சிதைவு நோயாளிகளில் புகைப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம். ஆக, பெரும்பாலும் புகைக்கும் காலத்தில்தான், அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடிதான், மருத்துவர் அளவை நிர்ணயித்திருப்பார்.

எப்படித் தவறுகிறது என்பதை ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். இவர் பலரைச் சேர்த்து நான் உருவாக்கிக்கொண்ட ஒருவர், ஆனால் படிப்படியாக நடப்பது இப்படித்தான். வயது 38. தினமும் 400 மில்லிகிராம் க்ளோசபைன், ஒரு கட்டு பீடி. மூன்று வருஷமாகக் குரல் தொல்லை இல்லை. பைக்கில் விழுந்து கால் முறிந்து, எலும்பு சிகிச்சை வார்டில் சேர்க்கிறார்கள். மருத்துவமனைக்குள் புகைக்க முடியாது, எழுந்து வெளியே போகவும் முடியாது. பீடி அன்றோடு நின்றுவிடுகிறது. மாத்திரைச் சீட்டில் இருந்த க்ளோசபைன் 400 அப்படியே தொடர்கிறது. தாய் பொறுப்பாக வேளை தவறாமல் கொடுக்கிறார்.

மூன்றாம் நாளிலிருந்து நோயாளி தூங்கி வழிகிறார். வலி மருந்தின் மயக்கம் என்கிறார்கள். மலம் கழிக்கவில்லை. படுத்தே கிடப்பதால் என்கிறார்கள். வாயில் எச்சில் வழிந்து தலையணை நனைகிறது. ஆறாம் நாள் கையிலிருந்த டம்ளர் தானாகத் துள்ளிக் கீழே விழுகிறது, தோளும் கையும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அப்போதுதான் மனநல மருத்துவரை வரவழைக்கிறார்கள்.

“இவர் வீட்டில் பீடி குடிப்பாரா அம்மா?”

“ஒரு நாளைக்கு ஒரு கட்டு ஊதுவான் டாக்டரம்மா. இங்க வந்த நாள்லேருந்து ஒண்ணுகூடக் கிடையாது. அந்த மட்டும் நல்லதாச்சுன்னு இருந்தேன்.”

“நல்லதுதான். ஆனா அதுக்கேத்த மாதிரி மாத்திரையைக் குறைச்சிருக்கணும்.”

அந்த ஒரு கேள்வியில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. வலி மருந்து, படுக்கை, எச்சில், துள்ளல் என்று தனித்தனியாகப் பார்த்த எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், ரத்தத்தில் ஏறிய க்ளோசபைன். புகைப்பதை நிறுத்தினால் அது ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஏறலாம், சிலருக்கு அதற்கும் மேல். முன்பு 400 நானோகிராம் இருந்தவருக்கு இப்போது 800 இருக்கலாம். திடீரென்று உடம்பு துள்ளுவது வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். மலச்சிக்கலையும் லேசாக விடக்கூடாது. க்ளோசபைன் குடல் அசைவையே நிறுத்தி உயிரைப் பறித்த நிகழ்வுகள் உண்டு. மனநல மருத்துவர் அன்றைக்கு மருந்தைக் குறைத்து, ரத்த மாதிரி அனுப்பி, படிப்படியாக 300-க்குக் கொண்டுவருகிறார். முதலிலேயே தெரிந்திருந்தால், முதல் வாரத்திலேயே சுமார் கால்பங்கைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிறகு ரத்தத்தில் அளந்து பார்த்து மேலே முடிவு செய்வதுதான் பல மருத்துவர்கள் பின்பற்றும் வழி.

இதில் குடும்பங்களை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. க்ளோசபைன் எடுப்பவர்களுக்கு முதல் 18 வாரம் வாராவாரமும், பிறகு இடைவெளி விட்டும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதைப் பார்த்து, “மருந்து சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில்தான் பார்க்கிறார்களே” என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை வெள்ளையணுக்களை எண்ணுவதற்கானது. இந்த மருந்து சிலருக்கு வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் செய்வது. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது வேறு பரிசோதனை, அதைத் தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இங்கே எல்லா ஊரிலும் அந்த வசதி கிடையாது. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதை அளந்து ஆய்வுகளே வெளியிட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2008 ஜூலை முதல் மனநல மருத்துவமனைகளின் கட்டடங்களுக்குள்ளும் புகைக்கத் தடை வந்தது. வார்டுக்குள் வருகிற ஒவ்வொரு புகைப்பவருக்கும் மருந்து அளவைப் பார்த்தாக வேண்டும் என்ற நிலை அங்கே அதனாலேயே உருவானது. க்ளோசபைன் எடுப்பவர் புகைப்பதை நிறுத்தினாலும், மின்சிகரெட்டுக்கு மாறினாலும் ரத்தத்தில் மருந்தை அளக்க வேண்டும் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தனியாக அறிவுறுத்தியது. இந்தியாவிலும் அதே 2008-இல், அக்டோபர் 2 முதல், மருத்துவமனை உட்பட பொது இடங்களில் புகைக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. ஆனால் “இவர் புகைப்பவரா, என்னென்ன மாத்திரை எடுக்கிறார்” என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டு, விடையை ஒரே தாளில் எழுதும் பழக்கம் எல்லா வார்டுக்கும் வந்துசேர வேண்டும். கால் முறிவுக்கு வந்தவரிடம் பீடியைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றும். இதற்காகத்தான்.

காய்ச்சல் வந்தால் நிலைமை இன்னும் மோசம். நிமோனியா போன்ற கடுமையான தொற்று வரும்போது உடம்பில் உண்டாகும் அழற்சி, இந்த நொதியை நேரடியாகவே அடக்கிவிடும். நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்பவருக்கு அன்றே புகையும் நின்றுபோகும். முடுக்கியும் போயிற்று, தடையும் விழுந்தது. இதற்கு மேல் சிப்ரோஃபிளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிவிட்டால் மூன்றாவது அடியும் விழும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் வயிற்றுப்போக்குக்குக்கூடச் சீட்டில்லாமல் கிடைக்கிறதே, அதேதான். அது சிஒய்பி1ஏ2-ஐ வலுவாக முடக்கும் மருந்து. க்ளோசபைன் எடுப்பவருக்கு நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் வந்து, கூடவே அளவுக்கு மீறித் தூங்கினால், காய்ச்சல் களைப்பு என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். டீ, காபியும் இதில் சேரும். காஃபீனும் க்ளோசபைனும் ஒரே நொதிக்காகப் போட்டி போடுவதால், பீடிக்குப் பதில் டீயைக் கூட்டினால் மருந்து அளவு இன்னும் ஏறும்.

ஓலன்சபைன் என்ற மருந்துக்கும் இதே பாதைதான், ஆனால் அதற்குப் பாதுகாப்பான வரம்பு அகலம் என்பதால் ஆபத்து குறைவு. கூடுதல் தூக்கம், தள்ளாட்டம், இறுக்கம் என்று தெரியும். அளவைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவதாக நான் அழுத்திச் சொல்ல வேண்டியது தியோஃபிலின். மூச்சிரைப்புக்காரர்களுக்கு நம் ஊரில் நெடுங்காலமாகக் கொடுத்து வரும் மாத்திரை. எட்டோஃபிலினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. வேதியமைப்பில் இது காஃபீனின் நெருங்கிய உறவு. காஃபீனில் ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றினால் தியோஃபிலின். கல்லீரல் காஃபீனை உடைக்கும்போது சிறிதளவு தியோஃபிலின் தானாகவே உண்டாவதும் உண்டு.

இந்த மருந்தில் இருக்கும் சிக்கல் என்னவென்றால், இதை எடுப்பவர்தான் புகைப்பதை நிறுத்தியே ஆக வேண்டியவர். முப்பது வருஷப் பீடியில் நுரையீரல் கெட்டுப்போய், மாடிப்படி ஏற முடியாமல் வருகிறவரிடம் நெஞ்சக மருத்துவர் முதலில் சொல்வதே “பீடியை விடுங்கள்” என்பதுதான். அவரும் கேட்டு விடுகிறார். ஒரே வாரத்தில், உடம்பு தியோஃபிலினை வெளியேற்றும் வேகம் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். இந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே உள்ள எண் இது. நிகோடின் சூயிங்கம் மென்றாலும் இது மாறாது என்றும் அதிலேயே இருக்கிறது. வேகம் 40 சதவீதம் குறைந்தால் ரத்தத்தில் நிற்கும் அளவு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். பலனுக்கும் நச்சுக்கும் இடைவெளி குறைந்த மருந்து இது. குமட்டல், வாந்தி, கைநடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அளவு ஏறுவதன் அடையாளம். இதயத்துடிப்பு தாறுமாறாவதும் வலிப்பும் அதன் கடைசிக் கட்டம். கொடுமை என்னவென்றால், எல்லோருக்கும் குமட்டல் முதலில் வந்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பில் தொடங்கியவர்கள் உண்டு, முக்கியமாக முதியவர்களில்.

ஆகவே தியோஃபிலின் எடுத்துக்கொண்டே பீடியை விடுகிறவருக்கு இரண்டாம் வாரத்தில் வாந்தி வந்தால், “பித்தம்” என்று இஞ்சிச் சாறு கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். பீடியை நிறுத்திய தேதியைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு நேர் எதிர்த் திசையிலும் நடக்கும். புகைக்காதவராகக் காட்டி மருந்து வாங்கியவர் ரகசியமாகப் பீடி தொடங்கினால் மாத்திரை வேலை செய்யாது, மூச்சிரைப்பு கூடும். வீட்டில் மற்றவர் விடும் புகைகூட இந்த மருந்தின் அளவைக் குறைக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா மாத்திரைகளையும் சந்தேகப்பட வேண்டாம். சர்க்கரைக்கு எடுக்கும் மெட்ஃபார்மினைக் கல்லீரல் உடைப்பதே இல்லை, சிறுநீரகம் அப்படியே வெளியேற்றிவிடும். ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் அம்லோடிபின், கொழுப்புக்கு எடுக்கும் அட்டோர்வாஸ்டாடின் இரண்டும் வேறொரு நொதியின் கையில் இருக்கின்றன. அந்த நொதியைப் புகை இப்படி முடுக்குவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் மட்டும், சிறிய அளவில் மாற்றம் வரலாம் என்பதால், புகைப்பதை விட்ட வாரங்களில் ஐ.என்.ஆர். பரிசோதனையை ஒருமுறை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. இன்சுலின் போடுபவர்களின் கதை தனி. அங்கே நொதிக்கு வேலையில்லை, நிகோடின் தோலடி ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் புகைப்பவர்களுக்கு இன்சுலின் மெதுவாக ஏறும். நிறுத்திய பிறகு சர்க்கரை தாழாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வார்டில் விட்ட நம் நோயாளியின் கதை இன்னும் முடியவில்லை. கால் கூடி, 300 மில்லிகிராமில் அமைதியாக வீடு திரும்புகிறார். இரண்டாவது நாளே நண்பர் ஒருவர் பீடிக்கட்டோடு பார்க்க வருகிறார். மறுபடி புகைக்கத் தொடங்கியதும் நொதி நாளுக்கு நாள் ஏறும். இரண்டு வாரத்துக்குள் 300 மில்லிகிராம் போதாமல் போய்விடும். தூக்கம் குறையும், தனியாகப் பேசுவது தொடங்கும், மூன்று வருஷமாகக் கேட்காத குரல்கள் திரும்ப வரும். வீட்டார், “மாத்திரையைக் குறைத்ததுதான் தப்பு” என்று மருத்துவரைக் குறை சொல்வார்கள், அல்லது மகன் மாத்திரையைத் துப்பிவிட்டான் என்று அவனோடு சண்டை போடுவார்கள். பீடி யார் நினைவுக்கும் வராது. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டிலேயே, “புகைக்காத நிலையில் 300 மி.கி., மறுபடி புகைத்தால் உடனே தெரிவிக்கவும்” என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். புகைத்தால் திட்டுவார்களோ என்று நோயாளி மறைத்தால் சீட்டில் எழுதியதற்குப் பயனில்லை. திட்ட மாட்டோம், சொல்லிவிடு என்று வீட்டில் முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான் காக்கும்.

நிறுத்தப் போகிறவர்களும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்ல வேண்டும். க்ளோசபைனோ தியோஃபிலினோ எடுப்பவர் புகைப்பதை விடத் தேதி குறித்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. புகைக்கும் காலத்து அளவு தெரிந்தால்தான் பிறகு எவ்வளவு ஏறியது என்று சொல்ல முடியும் என்பதால், வசதி உள்ள இடத்தில் அப்போதே ஒரு முறை அளந்து வைத்துக்கொள்வார்கள். நிறுத்தி ஒரு வாரத்தில் மறுபடி அளப்பார்கள். தானாக மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதும், பயந்துபோய் அடியோடு நிறுத்துவதும் கூடாது. க்ளோசபைனைத் திடீரென்று நிறுத்துவதில் தனி ஆபத்து இருக்கிறது. க்ளோசபைன் அளவுக்காக ரத்தம் கொடுக்கப் போகும் நாளில், முந்தைய இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாகக் கொடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும், அதை நம்பி மருந்தைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவார்கள். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார், கடைசி பீடியை என்றைக்குப் பிடித்தார் என்ற இரண்டையும் ரத்தக் குழாயோடு போகும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.